இரண்டாம் முறை என்ன மாறுகிறது?

“எம்.ஏ. இலக்கியம் படிக்கிறேன். ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ பற்றிய கட்டுரையில், ‘ஒரே வசனம் திரும்பத் திரும்ப வருகிறது, கோதோ வரவே இல்லை, ஆகவே வாழ்க்கைக்கு அர்த்தமில்லை’ என்று எழுதினேன். ‘முடிவு இருக்கிறது, வாதம் எங்கே?’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எப்படி எழுதுவது?”

ஒரு வசனம் மறுபடி வருவதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. இரண்டாம் முறை வரும்போது அதில் என்ன மாறியிருக்கிறது என்று பாருங்கள், உங்கள் வாதம் அங்கேதான் கிடைக்கும்.

பெக்கெட்டின் இந்த நாடகம் (1953இல் பாரிஸில் முதலில் மேடையேறியது) இரண்டு அங்கம், இரண்டு மாலை. விளாதிமிர், எஸ்த்ரகோன் என்ற இருவர் கோதோ என்பவருக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு மாலையிலும் கடைசியில் ஒரு சிறுவன் வருகிறான். அந்த இரண்டு காட்சிகளையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துப் படியுங்கள். முதல் அங்கத்தில் சிறுவன்தான் சேதி சொல்கிறான், கோதோ இன்று வரமாட்டார், நாளை கட்டாயம் வருவார் என்று. இரண்டாம் அங்கத்தில் அவன் சேதியைச் சொல்வதற்குள் விளாதிமிரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான்: இன்று வரமாட்டார், நாளை வருவார், தவறாமல் வருவார். சிறுவன் ‘ஆமாம் ஐயா’, ‘இல்லை ஐயா’ என்று ஆமோதிப்பதோடு சரி. அதாவது நேற்று வெளியிலிருந்து வந்த வாக்குறுதியை இன்று காத்திருப்பவனே தனக்குத் தானே கொடுத்துக்கொள்கிறான். காத்திருப்பதற்கான காரணத்தை இனி கோதோ அனுப்ப வேண்டியதில்லை.

சிறுவனிடம் சொல்லி அனுப்பும் பதிலும் மாறுகிறது. முதலில் ‘எங்களைப் பார்த்ததாகச் சொல்’ என்கிறான் விளாதிமிர், மறுநாள் ‘என்னைப் பார்த்ததாகச் சொல்’. எனக்கு இந்த நாடகத்தில் மிகவும் வலிக்கிற இடம் இதுதான். ‘எங்களை’ என்பது ‘என்னை’ என்று சுருங்கிவிட்டது, தான் இருக்கிறோம் என்பதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு வந்துவிட்டான். அந்தச் சிறுவனோ நேற்று வந்தது நான் இல்லை என்கிறான், ஆக அந்தச் சாட்சியும் நிற்காது.

இப்போது உங்கள் வாக்கியத்தை மாற்றிப் பாருங்கள்: ‘அர்த்தம் வெளியிலிருந்து வரும் என்று நம்பியவர்கள், அது வராதபோது அந்த நம்பிக்கையைத் தாங்களே உற்பத்தி செய்கிறார்கள், திரும்ப வரும் வசனம் அந்த உற்பத்தியைக் கண்முன் நடத்திக் காட்டுகிறது.’ இதை ஒருவர் மறுக்க முடியும், வசனத்தைக் காட்டி நீங்களும் பதில் சொல்ல முடியும். வாதம் என்பது அதுதான். இரண்டாம் அங்கத்தையே வெட்டிவிட்டாலும் உங்கள் வாக்கியம் அப்படியே நிற்கிறது என்றால், நீங்கள் திரும்ப வருவதைப் பற்றி எழுதவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

கோதோ என்றால் கடவுள் என்று ஆரம்பிக்காதீர்கள், அப்புறம் எல்லா வரியும் அந்த ஒரு விடைக்குள் அடங்கிப்போகும். மொட்டையாக நின்ற மரத்தில் இரண்டாம் அங்கத்தில் நாலைந்து இலை துளிர்த்திருப்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். அர்த்தமே இல்லை என்று சாதித்தால் அந்த இலைகள் இடிக்கும், மேலே உள்ள வாக்கியத்தோடு அவை ஒத்துப்போகும்: விளாதிமிர் அந்த இலைகளைக் காட்டி மரம் மாறிவிட்டது என்று பரபரக்கிறான், எஸ்த்ரகோனுக்கோ நேற்று அந்த மரத்தைப் பார்த்த ஞாபகமே இல்லை.