ஆஃபரை ஏற்பதற்கு முன் எச்.ஆரிடம் புரொபேஷன், நோட்டீஸ் பற்றி என்ன கேட்பது?

“ஆஃபர் லெட்டரில் ‘6 மாதம் புரொபேஷன், கம்பெனி விதிப்படி நோட்டீஸ்’ என்று மட்டும் இருக்கிறது. கையெழுத்துப் போடும் முன் எச்.ஆரிடம் என்ன கேட்கலாம்?”

போனில் கேட்டாலும், பதிலை மெயிலில் வாங்கிவிடுங்கள். உங்களிடம் பேசிய எச்.ஆர் நாளை அங்கே இல்லாமல் போகலாம். இப்படி எழுதினால் போதும்:

“வணக்கம் மேடம், ஆஃபருக்கு நன்றி. ஏற்கும் முன் சில விளக்கம் தேவை. 6 மாதம் முடிந்ததும் தானாகவே நிரந்தரமா, கடிதம் வருமா? எதை வைத்து, யார் முடிவு செய்வார்கள்? நீட்டித்தால் அதிகபட்சம் எத்தனை மாதம்? நிரந்தரமாகும் முன்பும் பின்பும் நோட்டீஸ் எத்தனை நாள்?”

முதல் கேள்விதான் முக்கியம். ‘எழுத்துப்பூர்வமாக உறுதி செய்யும்வரை’ என்ற வரி இருந்தால், கடிதம் வராதவரை ஏழாவது மாதமும் நீங்கள் பெரும்பாலும் புரொபேஷனில்தான்.

நோட்டீஸுக்குப் பதில் பணம் கட்டலாமா, அது பேசிக்கிலா கிராஸிலா என்றும் கேளுங்கள். மாதச் சம்பளம் கிராஸ் 60,000, அதில் பேசிக் 30,000 என்று வையுங்கள். 90 நாள் நோட்டீஸில் 30 நாள் மட்டும் வேலை செய்து கிளம்பினால், பேசிக் கணக்கில் 60,000 ரூபாய், கிராஸ் கணக்கில் 1,20,000. பணம் கட்டினாலும் விடுவிப்பது ‘நிர்வாகத்தின் விருப்பம்’ என்றிருந்தால், அடுத்த கம்பெனியிடம் சேரும் தேதியைச் சொல்லும்போது முழு 90 நாளையும் கணக்கில் வையுங்கள்.