எனக்கு சிபிலிஸ், மனைவிக்கு டெஸ்ட் நெகட்டிவ்: அவருக்கும் ஊசி எதற்கு?

“மூன்று மாதம் முன்பு ஆணுறுப்பில் வலியில்லாத ஒரு புண் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் தந்த களிம்பு போட்டேன், ஆறிவிட்டது. இப்போது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் சிவந்த திட்டுகள். வி.டி.ஆர்.எல். 1:32 என்று வந்து, எனக்கு பென்சிலின் போட்டார்கள். போன மாதம் வரை உறவு இருந்தது. மனைவிக்கு டெஸ்ட் நெகட்டிவ், ஆனால் வெள்ளைப்படுகிறது. அதுவும் என்னால் வந்ததா? நெகட்டிவ் என்றால் அவருக்கு ஊசி எதற்கு?”

ஊசி அவசியம், தள்ளிப்போடாதீர்கள். வெள்ளைப்படுதல் வேறு விஷயம், அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் புண் களிம்பால் ஆறவில்லை. சிபிலிஸின் முதல் கட்டப் புண் எதுவும் போடாவிட்டாலும் மூன்று முதல் ஆறு வாரத்தில் தானாகவே ஆறும். கிருமி அதற்குள் ரத்தத்தில் இறங்கிவிடும். இப்போது நீங்கள் பார்க்கும் அரிக்காத திட்டுகள் இரண்டாம் கட்டம். சிகிச்சை எடுக்காவிட்டாலும் இதுவும் மறைந்துவிடும். அப்புறம் வருடக்கணக்கில் எந்த அறிகுறியும் இருக்காது, ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரியும். சிலருக்குப் பல வருடம் கழித்து இதயத்தின் பெருநாடியையோ மூளையையோ தாக்கும்.

முதல் இரண்டு கட்டங்களில்தான் இது மிக எளிதாகத் தொற்றும். போன மாதம் வரை உறவு இருந்தது என்கிறீர்கள். கிருமி நுழைந்து புண் வர சராசரியாக மூன்று வாரம், சிலருக்கு 90 நாள் வரைகூட ஆகும். ரத்தத்தில் வி.டி.ஆர்.எல். பாசிட்டிவ் ஆக அதற்கு மேலும் கொஞ்ச நாள் பிடிக்கும். பெண்களுக்குப் புண் உள்ளே கருப்பை வாயில் வந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆகவே இன்றைய நெகட்டிவை நம்பி விடக்கூடாது. கடந்த 90 நாளுக்குள் உறவு இருந்தால், ரிசல்ட் எதுவானாலும் பென்சாதீன் பென்சிலின் 24 லட்சம் யூனிட் ஒரே ஒரு முறை போடுவதுதான் முறை. ஊறிக்கொண்டிருக்கும் கிருமியை அது அப்போதே அழிக்கும். போடாமல் விட்டால், குணமான உங்களுக்கே அவரிடமிருந்து திரும்ப வரலாம். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இந்த நோய்க்குக் கிடையாது.

அவர் கர்ப்பமாக இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்கிளின் மாத்திரை தருவதுண்டு. கர்ப்பிணிக்கு அது கூடாது. அசித்ரோமைசினை நம்பியும் விட முடியாது, அது குழந்தையைக் காப்பாற்றாது. கர்ப்பிணிக்கு பென்சிலின் ஒன்றுதான் வழி. ஒவ்வாமை உண்மையிலேயே இருந்தாலும், ஆஸ்பத்திரியில் சேர்த்து, மருந்தைச் சிறுகச் சிறுகக் கொடுத்து உடம்பைப் பழக்கிய பிறகு அதையேதான் போட வேண்டும். ‘பிரசவம் முடியட்டும்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம்.

இனி வெள்ளைப்படுதல். சிபிலிஸ் புண்ணைத் தரும், வெள்ளைப்படுதலைத் தராது. தயிர்த் திப்பி போல, அரிப்போடு இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. நீர்த்து, சாம்பல் நிறத்தில் மீன் வாடை அடித்தால் உள்ளே இயல்பாக இருக்கும் பாக்டீரியாக்களின் சமநிலை கெட்டிருக்கிறது. இவை இரண்டுக்கும் உங்களைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, சந்தேகச் சண்டையும் வேண்டாம். பச்சை மஞ்சளாக நுரைத்தால் ட்ரைகோமோனாஸ், கருப்பை வாயில் சீழ் தெரிந்தால் கொனோரியா அல்லது கிளமிடியா. இவை உறவால் பரவுபவை, உங்களுக்குத் தொந்தரவு இல்லாவிட்டாலும் இருவரும் சிகிச்சை எடுக்க வேண்டும். நிறத்தை வைத்து வீட்டில் முடிவு செய்ய முடியாது. டாக்டர் உள்ளே பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அடிவயிற்று வலியும் இருந்தால் இன்றே போங்கள்.

இந்த ஊசி பழையது, மலிவானது. அதனாலேயே பல கிளினிக்குகளில் வைத்திருப்பதில்லை. அலர்ஜி பயத்தில் ‘வேறு இடம் பாருங்கள்’ என்று நோயாளியை அலையவிடுகிறார்கள். வெட்கத்தை விட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பினால் அவர் லாட்ஜில் ரூம் போட்டு உட்கார்ந்திருக்கும் ‘மேகநோய் ஸ்பெஷலிஸ்ட்’டிடம்தான் போவார். எனக்கு இதில் கோபம் உண்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் பால்வினை நோய்ப் பிரிவுக்கு இருவரும் நேராகப் போங்கள். ஊசி இலவசம். அங்கேயே நம்பிக்கை மையத்தில் இருவரும் எச்.ஐ.வி. டெஸ்டும் எடுங்கள்.

லாட்ஜ் ஆட்களின் இன்னொரு வலை டி.பி.எச்.ஏ. டெஸ்ட். சிபிலிஸ் ஒருமுறை வந்தவருக்கு, முழுதாகக் குணமான பிறகும் இது பெரும்பாலும் ஆயுள் முழுக்க பாசிட்டிவாகவே இருக்கும். அதைக் காட்டி, ‘ரத்தத்தில் விஷம் போகவில்லை’ என்று மாதாமாதம் லேகியம் விற்கிறார்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்க்க வேண்டியது வி.டி.ஆர்.எல். எண் மட்டும். ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் முடிந்தவரை அதே லேபில் எடுங்கள். ஒரு வருடத்துக்குள் 1:32 என்பது 1:8 அல்லது அதற்குக் கீழே இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. இறங்காவிட்டாலோ, இறங்கிய எண் மறுபடி ஏறினாலோ ஊசி போட்ட இடத்துக்கே திரும்பப் போங்கள். மனைவிக்கு மூன்று மாதம் கழித்து ஒருமுறை டெஸ்ட் எடுங்கள். இருவரும் ஊசி போட்டு ஒரு வாரம் ஆகி, திட்டுகளும் முழுக்க மறையும் வரை உறவு வேண்டாம்.