கடைசி ஆண்டில் எவ்வளவு எடுத்தால் 2:1 கிடைக்கும்?

"இங்கிலாந்தில் பி.எஸ்சி. படிக்கிறேன். இரண்டாம் ஆண்டு சராசரி 56. முதலாண்டு கணக்கில் இல்லை, கடைசி ஆண்டு இரட்டிப்பாகச் சேரும். 2:1 கைவிட்டுப் போச்சா?"

போகவில்லை. 2:1 என்பது இரண்டாம் வகுப்பின் மேல்நிலை, அதற்கு மொத்தச் சராசரி 60 வேண்டும். இரண்டாம் ஆண்டு ஒரு பங்கு, கடைசி ஆண்டு இரண்டு பங்கு. ஆக மூன்று பங்குக்கு 180 தேவை. அதில் 56 கழித்தால் 124, பாதி 62. கடைசி ஆண்டில் 62 எடுத்தால் போதும். நான்கு மதிப்பெண் பள்ளத்தை அடைக்க இரண்டே கூடுதல், இரட்டிப்பின் பலன் அதுதான்.

ஆனால் பாடங்களுக்கெல்லாம் ஒரே எடை கிடையாது, கிரெடிட்டைப் பாருங்கள். ஆண்டுக்கு 120 கிரெடிட்டில் உங்கள் ஆய்வேடு 40 என்று வையுங்கள். மற்ற பாடங்களில் சராசரி 60 வந்தால், ஆய்வேட்டில் 66 எடுத்தாலே 62 கிடைக்கும். பட்டத்தின் மொத்தக் கணக்கிலும் அந்த ஒரு ஆய்வேடு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். அதனால் வழிகாட்டியை இப்போதே பிடியுங்கள், மாதிரி அத்தியாயம் ஒன்றை முன்கூட்டியே காட்டித் திருத்தம் வாங்குங்கள்.

59-இல் நின்றுவிட்டால்? சில பல்கலைக்கழகங்கள் பாதி கிரெடிட்டாவது 60-க்கு மேல் இருந்தால் மேலே ஏற்றும், சில ஏற்றாது. உங்கள் துறைக் கையேட்டில் அந்த விதியைத் தேடிப் படியுங்கள்.