கடலுக்குள் எப்படிப் பால் குடிக்கும்?

கேள்வி: வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடக்கும் திமிங்கலத்தையும் டால்பினையும் மீன் என்று சொல்லாமல் பாலூட்டி என்கிறார்களே, ஏன்?

எங்கே வாழ்கிறது என்று பார்த்துப் பிரிப்பதில்லை. அப்படிப் பிரித்தால் வௌவாலைப் பறவைகளோடு சேர்க்க வேண்டியிருக்கும். நுரையீரலால் மூச்சு விடுகிறது, வெப்ப ரத்தம் என்று பலரும் காரணம் சொல்வார்கள். மீனிலிருந்து பிரித்துக் காட்ட அது உதவும், ஆனால் அந்த இரண்டும் பறவைக்கும் உண்டு. குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்பதுதான் கேள்வி, கொடுக்கிறது.

சரி, உப்புத் தண்ணீருக்குள் எப்படி? எனக்கு ரொம்ப நாள் புரியாமல் இருந்தது இதுதான். தாய் டால்பினுக்கு அடிவயிற்றின் பின்பக்கம் இரண்டு சின்னப் பிளவுகள் இருக்கும், காம்புகள் அதற்குள் மறைந்திருக்கும். குட்டி அங்கே மூக்கால் முட்டும். நம் குழந்தை மாதிரி உதட்டைக் குவித்து உறிஞ்ச அதனால் முடியாது, அதனால் நாக்கைக் குழாய் போலச் சுருட்டிக் காம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்கிறது. அந்த நாக்கின் ஓரம் முழுக்கச் சின்னச் சின்னத் தொங்கல்கள், கடல் தண்ணீர் கலக்காமல் இடைவெளியை அடைத்துக்கொள்ள. தாயும் தசையை இறுக்கிப் பாலை உள்ளே பீய்ச்சிவிடும். எல்லாம் சில நொடிதான், ஏனென்றால் குட்டி மூச்சு வாங்க மேலே போக வேண்டும். அப்புறம் திரும்ப வந்து முட்டும்.

இவ்வளவு குறைந்த நேரத்தில் வயிறு நிறைய வேண்டும் என்றால் பால் கெட்டியாக இருந்தாக வேண்டும். பசும்பாலில் கொழுப்பு ஏறக்குறைய 4 சதவீதம், நீலத் திமிங்கலத்தின் பாலில் 35 சதவீதத்துக்கும் மேல். பிறக்கும்போதே சுமார் 7 மீட்டர் நீளமிருக்கும் அதன் குட்டி, இந்தப் பாலை மட்டுமே குடித்து ஒரு நாளைக்கு 90 கிலோ வரை எடை கூடுகிறது.

தண்ணீரில் இருப்பதற்கு முன்னால் இவற்றின் மூதாதைகள் தரையில் இருந்தவை. பாகிஸ்தானில் எலும்புகள் கிடைத்த பாகிசீட்டஸ், சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது, நாலு காலில் நடந்தது. வாலைப் பாருங்கள்: மீன் வாலைப் பக்கவாட்டில் ஆட்டும், திமிங்கலம் மேலும் கீழுமாக அடிக்கும். நாய் வேகமாக ஓடும்போது முதுகு வளைந்து நிமிருமே, அதே அசைவுதான் இது.

பின்னங்கால் என்ன ஆயிற்று என்றால், டால்பின் கருவில் முதல் சில வாரங்களில் அது மொட்டு மாதிரி முளைக்கவே செய்கிறது, பிறகு வளர்ச்சி நின்று மறைந்துவிடும். எப்போதாவது மறையாமல் போவதும் உண்டு. 2006-இல் ஜப்பானின் தைஜியில் பிடிபட்ட ஒரு டால்பினுக்கு, பின்னங்கால் இருக்க வேண்டிய அதே இடத்தில், உள்ளங்கை அளவில் இரண்டு துடுப்புகள் இருந்தன.