நக்கண்ணையின் வளையும் ஆதிமந்தியின் வளையும்

கேள்வி: "அகம் என்றால் காதல், புறம் என்றால் போர் என்றுதான் முதலாண்டு மாணவர்களுக்குச் சொல்கிறேன். 'அப்படியானால் புறநானூற்றில் ஏன் காதல் பாட்டு இருக்கிறது?' என்று கேட்டால் மாட்டிக்கொள்கிறேன். எப்படி விளக்குவது?"

நானும் இதில் மாட்டியவள்தான். கடலூரில் பொதுத்தமிழ் எடுக்கிறேன். என் வகுப்பில் இருப்பவர்கள் பி.காம். பிள்ளைகளும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிள்ளைகளும். பாதிப் பேர் புதுச்சேரிப் பேருந்தில் வந்து இறங்கும்போதே பாதி மணி நேரம் போயிருக்கும். ஐந்திணை அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் போட்டோ எடுத்துக்கொள்வார்கள், அதோடு சரி. அதனால் சில ஆண்டுகளாக அட்டவணையைக் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். ஒரே தாளில் இரண்டு பாட்டு, தலைப்பும் கிடையாது, அடிக்குறிப்பும் கிடையாது. எது அகம், எது புறம் என்று பிரிக்கச் சொல்வேன்.

முதல் பாட்டு:

அடிபுனை தொடுகழல் மையணல் காளைக்கென்
தொடிகழித் திடுதல்யான் யாயஞ் சுவலே
அடுதோள் முயங்கல் அவைநா ணுவலே
என்போற் பெருவிதுப் புறுக என்றும்
ஒருபாற் படாஅ தாகி
இருபாற் பட்டஇம் மையல் ஊரே

காலில் கழல், கறுத்த தாடி, இளம் வயது. அவனை நினைத்து என் வளை கழல்கிறது. அம்மா கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம். அவன் தோளைத் தழுவலாமா என்றால் சபையே கூடியிருக்கிறது, வெட்கம். ஒரு பக்கமும் சேராமல் இரண்டுபட்டுக் கிடக்கும் இந்தக் கிறுக்குப் பிடித்த ஊரும் என்னைப் போலவே கிடந்து நடுங்கட்டும்.

இரண்டாவது:

மள்ளர் குழீஇய விழவி னானும்
மகளிர் தழீஇய துணங்கை யானும்
யாண்டுங் காணேன் மாண்தக் கோனை
யானுமோர் ஆடுகள மகளே என்கைக்
கோடீர் இலங்குவளை நெகிழ்த்த
பீடுகெழு குரிசிலுமோர் ஆடுகள மகனே

மள்ளர் கூடிய விழாவில் தேடினேன், பெண்கள் கைகோத்து ஆடும் துணங்கையில் தேடினேன், எங்கும் அவனைக் காணோம். நானும் ஆடுகளத்துப் பெண்தான். என் சங்கு வளையை நெகிழ வைத்த அந்தப் பெருமைக்காரனும் ஆடுகளத்தான்தான்.

ஏறக்குறைய எல்லோரும் இரண்டையும் அகம் என்றுதான் எழுதித் தருவார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. இரண்டிலும் பேசுவது பெண், இரண்டிலும் வளை கழல்கிறது, இரண்டிலும் ஒரு கூட்டம் நடுவே நிற்கிறது. இரண்டிலும் அவன் பெயர் இல்லை. ஆனால் முதல் பாட்டு புறநானூறு 83, இரண்டாவது குறுந்தொகை 31.

அடிக்குறிப்பைக் காட்டுவது இப்போதுதான். குறுந்தொகைப் பாட்டின் கீழே, "நொதுமலர் வரைவுழித் தோழிக்குத் தலைமகள் அறத்தொடு நின்றது" என்று இருக்கிறது. அதாவது வேறு யாரோ பெண் கேட்டு வந்துவிட்டார்கள். இனி மறைத்தால் காரியம் கெட்டுவிடும் என்று தலைவி தன் காதலைத் தோழியிடம் போட்டு உடைக்கிறாள். இந்தக் குறிப்பில் ஆள் இல்லை, சூழ்நிலை மட்டும் இருக்கிறது. தலைமகள் என்றால் எந்தப் பெண்ணும்தான். புறநானூற்றுப் பாட்டின் கீழேயோ, திணை கைக்கிளை, துறை பழிச்சுதல், சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணை பாடியது என்று இருக்கிறது. இன்னாரை இன்னார் பாடியது. பேசுபவளுக்கு ஊரும் தகப்பனும் உண்டு. பேசப்படுபவனுக்கு வரலாறு உண்டு.

தொல்காப்பியம் அகத்திணையியலில் சொல்வது இதைத்தான்: "மக்கள் நுதலிய அகன்ஐந் திணையும் சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்." அன்பின் ஐந்திணையைப் பாடும்போது காதலிப்பவர் இன்னார் என்று பெயர் சுட்டக்கூடாது. சுட்டினால், பொருள் காதலாகவே இருந்தாலும் அது அகமாக நிற்காது. "லவ்வா, சண்டையா" என்பதல்ல கேள்வி, "யாருடைய லவ்வு" என்பதே கேள்வி என்று வகுப்பில் சொல்வேன். கொச்சைதான், ஆனால் மண்டையில் ஏறுகிறது.

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று இருந்தால் இந்த இடத்தில் கை தூக்கும். "மேம், 83இலும் பெயர் இல்லையே?" இந்தக் கேள்வி வந்துவிட்டால் அன்றைய வகுப்பு நன்றாகப் போகும். ஆமாம், பாட்டுக்குள் பெயர் இல்லை. ஆனால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அதற்கு முன்னால் உள்ள 80, 81, 82 மூன்றும் சாத்தந்தையார் இதே கிள்ளியைப் பாடியவை. 80இல் அவன் ஆமூர் மல்லனோடு மோதுகிறான். ஒரு கால் மல்லன் மார்பில், ஒரு கால் முதுகில். இதைத் தித்தன் பார்க்க வேண்டும் என்கிறார் புலவர். தித்தன் அவனுடைய அப்பா, இருவருக்கும் ஆகாது. அந்த மற்போரைப் பார்த்துவிட்டு 83க்கு வந்தால், "அடுதோள்" என்ற சொல் வெறும் அழகான தோளாக இருக்காது. அவை என்பதும் இருபாற்பட்ட ஊர் என்பதும் மல்லுக்கட்டைப் பார்த்துக்கொண்டு, நீ ஜெயிப்பாயா அவன் ஜெயிப்பானா என்று கட்சி கட்டி நிற்கும் ஊராகத் தெரியும். 85இல் நக்கண்ணையே சொல்கிறாள்: வென்றான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர், சிலம்பு ஒலிக்க ஓடிப்போய் எங்கள் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று பார்த்தேன், வென்றது அவன்தான்.

கைக்கிளையும் ஒரு காரணம். தொல்காப்பியர் கைக்கிளையை எழுதிணைக்குள் வைத்தாலும், பெயர் சுட்டக்கூடாது என்ற விதி ஐந்திணைக்குத்தான். கைக்கிளை ஒருதலைக் காமம். நக்கண்ணை இவ்வளவு பேசுகிறாளே, கிள்ளி ஒரு வார்த்தை பேசுகிறானா? அவனுக்கு இவள் நிற்பதே தெரியுமோ என்னவோ.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குறுந்தொகை 31ஐப் பாடியவர் பெயர் ஆதிமந்தி. ஆட்டனத்தியைக் காவிரி கொண்டுபோனதும் ஆதிமந்தி அழுதுகொண்டே தேடியதும் நல்ல கதை. அகநானூற்றில் பரணர் பாட்டிலேயே வருகிறது. ஆர்வத்தில் முதல் வருடம் கதையை முன்னால் சொல்லிவிட்டேன். தேர்வில் பாதிப் பேர் "தலைவி ஆதிமந்தி, தலைவன் ஆட்டனத்தி" என்று எழுதி வைத்தார்கள். அப்படி எழுதினால் அந்தப் பாட்டை அவர்களே புறத்துக்குத் தூக்கிப் போட்டுவிட்டார்கள் என்று பொருள். விடைத்தாளில் தலைவிக்குப் பெயர் முளைத்திருந்தால் பாடம் போய்ச் சேரவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். இப்போதெல்லாம் அந்தக் கதை கடைசி ஐந்து நிமிடத்துக்குத்தான்.

இதற்கு நேர் எதிர்ப் பிழையும் உண்டு. விதியைச் சொன்னதும், பாட்டில் எந்தப் பெயரைப் பார்த்தாலும் புறம் என்று எழுதுவார்கள். அதற்கு மருந்தும் நக்கண்ணையிடமே இருக்கிறது. நற்றிணை 87 அவர் பாடியதுதான், நெய்தல் திணை. மாமரத்துக் கிளையில் தலைகீழாகத் தொங்கித் தூங்கும் வௌவால், சோழர் அழிசியின் பெருங்காட்டு நெல்லிக்காயின் புளிப்பைக் கனவு காண்கிறதாம். அதுபோலத் தானும் கனவு கண்டதாகவும் விழித்ததும் அது போய்விட்டதாகவும் தலைவி சொல்கிறாள். அழிசி என்று பெயர் வருகிறது, ஆனால் நெல்லிக்காட்டுக்குச் சொந்தக்காரனாக மட்டும் வருகிறான். அவளுடைய ஆள் அவனில்லை. சுட்டக்கூடாதது காதலிப்பவர் பெயரைத்தான். அந்தப் பாட்டின் கடைசியில் புன்னைப் பூவின் பனித்துளி, துறையில் மேயும் சிப்பியின் ஈர முதுகில் சொட்டுகிறது. தேவனாம்பட்டினத்துப் பையன் ஒருவன் "நெய்தல்னா இரங்கல்னு போட்டிருக்கு, எங்க ஊர்ல நெய்தல்னா மீன் ஏலம்தான் மேம்" என்றான். கருப்பொருளை அவன் சரியாகத்தான் பிடித்திருந்தான்.

சரி, போர்ப் பக்கம். காதலிப்பவர் பெயர் இருந்தால் அகமில்லை என்று சொன்னோம். பெயர் இல்லாவிட்டால் அகம் என்று சொல்லவில்லை. புரட்டக்கூட வேண்டாம், அடுத்த பாட்டே போதும். புறநானூறு 86. "உன் மகன் எங்கே?" என்று கேட்டு ஒருத்தி வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எங்கே இருக்கிறானோ தெரியாது. புலி தங்கிவிட்டுப் போன கற்குகை போல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில் தென்படுவான் என்கிறாள் தாய். பாடியவர் காவற்பெண்டு. பாட்டில் அரசன் பெயர் இல்லை, ஊர் பெயர் இல்லை, மகன் பெயரும் இல்லை. வீட்டுக்குள் இரண்டு பெண்கள் பேசிக்கொள்வதுதான் காட்சி. ஆனாலும் வாகைத் திணை, ஏறாண் முல்லைத் துறை. மறக்குடியின் வீரம் ஊரறியச் சொல்லத் தக்கது. அதற்குப் பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இடம் புறத்தில்தான்.

இதற்கு அப்புறம் அட்டவணையைக் காட்டினால் பயப்பட மாட்டார்கள். "வெட்சி தானே குறிஞ்சியது புறனே" என்று தொல்காப்பியர் ஒவ்வொரு போர்த்திணையையும் ஒரு காதல்திணைக்கு முதுகாக வைக்கிறார். குறிஞ்சியில் தலைவன் இரவில் யாருக்கும் தெரியாமல் மலைவழியாக வருகிறான். வெட்சியில் வீரர்கள் இரவில் யாருக்கும் தெரியாமல் மாட்டைக் கவர வருகிறார்கள். இந்த ஒன்றை மட்டும் விளக்கினால் போதும், மற்றதைப் படித்துக்கொள்வார்கள், அல்லது படிக்க மாட்டார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் நெடுநல்வாடையைச் சொல்லுங்கள். 188 அடி. வாடைக்காற்று, தனியே கிடந்து கண்ணீர் விடும் அரசி, பாசறையில் நள்ளிரவில் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகும் அரசன். எங்கும் பெயரில்லை. ஆனால் அவனோடு போகிறவன் பிடித்திருக்கும் வேலின் தலையில் வேப்பம்பூ கட்டியிருக்கிறது: "வேம்புதலை யாத்த நோன்காழ் எஃகமொடு." வேம்பு பாண்டியனின் அடையாளப் பூ. அந்த ஒரு பூவை வைத்து இது அகமாகாது என்று உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டிவிட்டார். போன வாரம் இதைச் சொன்னதும் பின்பெஞ்சிலிருந்து ஒரு பெண், "அந்த வேப்பம்பூவை எடுத்துட்டா, மேம்?" என்றாள். மணி அடித்துவிட்டது. செவ்வாய்க்கிழமை அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.