திடீர் வேலைக்கு நாளில் எவ்வளவு நேரம் ஒதுக்குவது?

கேள்வி: காலையில் போடும் திட்டம் மதியத்துக்குள் கலைந்துவிடுகிறது. திடீரென்று வரும் வேலைகளுக்காகத் தினமும் எவ்வளவு நேரம் காலியாக விடுவது? 20 சதவீதம் என்கிறார்களே, சரியா?

பதில்:

அந்த 20 சதவீதம் யாருடைய நாளை அளந்து வந்ததோ தெரியாது. உங்களுக்கான எண்ணை உங்கள் நாட்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். இரண்டு வாரம் குறித்து வைத்தால் போதும்.

ஆனால் எதைக் குறிக்கிறோம் என்பதில் கறாராக இருக்க வேண்டும். காலையில் பட்டியலில் இல்லாதது, நாளைக்குத் தள்ள முடியாதது, இந்த இரண்டும் பொருந்தும் வேலையை மட்டும் எழுதுங்கள். யாரோ கேட்டார்கள் என்பதற்காக உடனே செய்துகொடுத்த வேலை இதில் சேராது. அது நாளைய பட்டியலுக்குப் போக வேண்டியது. ஒரு மணி நேரத்தில் முடியும் என்று நினைத்த அறிக்கை இரண்டு மணி நேரம் இழுத்தால் அதையும் சேர்க்காதீர்கள். அது மதிப்பீட்டுப் பிழை. அந்த வகை வேலைக்கு அடுத்த முறை இரண்டு மணி நேரம் போட வேண்டுமே தவிர, காலி நேரத்தைப் பெருக்கிக்கொண்டே போகக் கூடாது. பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஒருவருடைய பத்து வேலை நாட்களின் கணக்கு இப்படி வந்தது என்று வைத்துக்கொள்வோம். நிமிடங்களில், சிறியதிலிருந்து பெரியதாக: 20, 30, 40, 45, 60, 70, 75, 90, 150, 220. சராசரி 80 நிமிடம். அதையே ஒதுக்கினால் பத்தில் மூன்று நாள் திட்டம் உடையும். எல்லா நாளும் தப்பிக்க வேண்டுமென்று 220 ஒதுக்கினால் தினமும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் திட்டமே இல்லாமல் கிடக்கும். நான் எட்டாவது எண்ணை எடுப்பேன், அதாவது 90. பத்தில் எட்டு நாள் அதற்குள் அடங்கிவிடுகிறது.

மீதி இரண்டு நாள்? 150-இல் 60 நிமிடமும் 220-இல் 130 நிமிடமும் வழிகின்றன. இரண்டு வாரத்துக்கு 190, வாரத்துக்குச் சுமார் 95 நிமிடம். இதைத் தினசரிக் கணக்கில் ஏற்றாமல் வாரக் கடைசி நாளின் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாக மொத்தமாக விட்டுவைக்கலாம். அந்த வாரம் தள்ளிப்போன திட்ட வேலைகள் அங்கே வந்து உட்காரும். பெரிய இடி எந்த நாளில் விழும் என்று சொல்ல முடியாது, ஆனால் வாரத்துக்கு எவ்வளவு என்று ஓரளவு சொல்ல முடியும். அதனால்தான் இந்தப் பிரிவினை.

இனி நாள் கணக்கு. எட்டு மணி நேரம் என்பது 480 நிமிடம். கூட்டங்களுக்கு 90 போனால் 390, காலி நேரம் 90 போனால் 300. ஆக, பட்டியலில் ஐந்து மணி நேர வேலைதான் ஏற வேண்டும். முதல் தடவை இந்த எண்ணைப் பார்க்கும்போது கொஞ்சம் அவமானமாகக்கூட இருக்கும். ஆனால் முழுவதும் நிரப்பிய நாளில் நடப்பதைப் பாருங்கள். வேலைகள் ஒழுங்கில்லாமல் வந்து சேரும் இடத்தில் காத்திருப்பு நேர்க்கோட்டில் ஏறாது. வரிசையில் காத்திருப்பதைக் கணக்கிடும் வரிசைக் கோட்பாட்டின் எளிய மாதிரியில், நேரத்தில் 80 சதவீதம் நிரம்பியிருந்தால் புதிதாக வரும் வேலை சராசரியாக ஒரு வேலை நேரத்தைப் போல 4 மடங்கு காத்திருக்கிறது; 90 சதவீதத்தில் அது 9 மடங்கு. எட்டு மணி நேர நாளில் கூடுதலாக 48 நிமிடத்தை நிரப்புவதற்குக் கொடுக்கும் விலை அது.

90 நிமிடத்தையும் நாளின் கடைசியில் வைக்காதீர்கள். காலை பத்து மணிக்கு வரும் அவசரம் மாலை வரை காத்திருக்காது, நீங்கள் செய்துகொண்டிருப்பதை உடைத்துவிடும். 11.30-க்கு 40 நிமிடம், நாலு மணிக்கு 50 நிமிடம் என்று இரண்டாகப் பிரித்தால், கேட்பவரிடம் "பதினொன்றரைக்குப் பார்க்கிறேன்" என்று சொல்லலாம். குறிப்பிட்ட நேரம் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

ஒன்றும் வராத நாளில் அந்த நேரத்தை என்ன செய்வது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் விடக்கூடிய சிறு வேலைகளின் பட்டியல் ஒன்றைத் தனியே வையுங்கள். பெரிய வேலையை அதில் தொடங்கினால் அது காலி நேரமாக இருக்காது.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் வழிந்தால் மறுபடி அளந்து பாருங்கள். தொடர்ந்து பாதிக்கு மேல் மிஞ்சினால் குறைக்கலாம். அளந்த எண் நாளில் பாதியையே தாண்டுகிறதென்றால், திடீர் வேலையைக் கவனிப்பதுதான் உங்கள் உண்மையான பொறுப்பு. அப்போது நாளுக்கு ஒரே ஒரு திட்ட வேலையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள், மற்றவற்றுக்குத் தேதி சொல்லாதீர்கள்.