நிரல் திறந்திருந்தால் கல்லாப்பெட்டியும் திறந்திருக்குமா?

"பரந்தனில் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். ஒருவர் Odoo என்ற கணக்கு மென்பொருளைப் போட்டுத் தந்துவிட்டு, வருசம் 60,000 ரூபா லைசன்ஸ் காசு கேட்கிறார். அது ஓபன் சோர்ஸ், இலவசம், யாரும் மாற்றலாம் என்கிறான் மருமகன். எந்தக் கம்பனி சும்மா தரும்? யாரும் மாற்றலாம் என்றால் என் நெல் கணக்கையும் மாற்றிவிடுவார்களா?"

மாற்ற மாட்டார்கள், ஐயா. மாற்றலாம் என்பது மென்பொருள் எழுதப்பட்ட நிரலை, அதுவும் அவரவர் பிரதியில். பக்கத்து ஆலைக்காரர் தன் பிரதியில் மூட்டையைக் கிலோவாக்கினாலும் உங்கள் கணினியில் ஒரு எழுத்தும் அசையாது. கடன்காரர் பெயர், நெல் வரவு எல்லாம் தரவுத்தளத்தில் தனியாகக் கிடக்கின்றன. அதற்குக் கடவுச்சொல் வேண்டும்.

கம்பனி தருவது தானமில்லை, யாவாரம். Odoo பெல்ஜியத்துக் கம்பனி. Community என்ற பதிப்பின் நிரலை யாரும் எடுக்கலாம், வாசிக்கலாம், திருத்தலாம். Enterprise என்ற பதிப்புக்குச் சந்தா. இலவசத்தில் பழகியவர்களில் சிலர் பெரிதாகும்போது சந்தாவுக்கு வருவார்கள். வெளியாட்கள் பிழை கண்டுபிடிப்பதும், மேலதிகப் பகுதிகள் எழுதுவதும் கம்பனிக்குச் சம்பளமில்லாத உழைப்பு.

உங்களிடம் எது இருக்கிறது? Settings பக்கத்தின் அடிமட்டத்துக்குப் போங்கள். Community Edition என்று இருந்தால் லைசன்ஸ் காசு என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒன்றை மட்டும் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். இலவச மென்பொருளுக்கு ஒருவர் காசு வாங்குவது குற்றமில்லை. வெயிலில் பரந்தனுக்கு வந்து, பில்லில் தமிழ் எழுத்து விழ வைத்து, உங்கள் பெடியனுக்குப் பழக்கிக் கொடுத்திருந்தால் அது கூலி, கொடுக்கத்தான் வேண்டும். வருசா வருசம் பழுது பார்க்கிறார் என்றால் அதற்கும் விலை பேசலாம். Enterprise பதிப்பு என்றால் சந்தாவும் நியாயம்தான், ஆனால் கம்பனிச் சந்தாவின் விபரத்தைக் காட்டச் சொல்லுங்கள். கூலியை லைசன்ஸ் என்று எழுதுவதுதான் ஏமாற்று.

அதைச் செய்யத் தூண்டுவதே எங்கள் அலுவலகங்கள்தான். ஒரு சங்கத்துக்கு இலவச மென்பொருள் போட்டுக் கொடுத்தேன். கணக்காய்வுக்கு வந்தவர்கள் லைசன்ஸ் ரசீது கேட்டார்கள். ரசீதே கிடையாது என்று நான் சொன்னதும் கள்ள மென்பொருள் என்று குறிப்பெழுதினார்கள்! இப்படிப்பட்ட இடத்தில் மென்பொருள் போட்டுத் தருபவர் லைசன்ஸ் ரசீது அடிக்காமல் என்ன செய்வார்?

அதைவிடப் பெரிய பொறி, உங்களுக்குப் போட்டுத் தந்தவர் கடவுச்சொற்களைத் தன் பையிலேயே வைத்திருப்பது. காசு கட்டாத வருசம் பூட்டிவிட்டுப் போவார். மென்பொருள் உங்கள் கணினியிலேயே ஓடினால், பெரும்பாலும் இந்த முகவரியில் திறக்கும்:

```
http://localhost:8069/web/database/manager
```

அங்கே Backup அழுத்தினால் Master Password கேட்கும். அவரிடமே கேளுங்கள். zip கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, மருமகனின் கணினியில் அதே பதிப்பைப் போட்டுத் திறந்து பாருங்கள். நேற்றைய நெல் வரவு அங்கே தெரிந்த பிறகு காசைப் பேசலாம்.